துறைப் பக்கத்துக்கு ஆய்வுக் குறிப்பு எழுதுவது எப்படி? புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்களுக்கு

வேலையில் சேர்ந்து இரண்டு மூன்று வாரம் ஆகியிருக்கும். துறைத்தலைவர் கூப்பிட்டு, "உங்க ஆய்வுக் குறிப்பு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க, துறைப் பக்கத்துல போடணும்" என்பார். நேர்காணலுக்குக் கொண்டுபோன பயோடேட்டா கையில் இருக்கும். அதையே கொஞ்சம் சுருக்கிக் கொடுத்துவிடலாம் என்றுதான் எல்லாருக்கும் தோன்றும். பல வருடம் கழித்து எங்கள் துறையின் குறிப்புகளைத் தொகுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, அப்படிச் சுருக்கிய பக்கங்களை வரிசையாகப் படித்தேன். யார் எத்தனை கருத்தரங்குக்குப் போனார்கள் என்பது தெரிந்தது. யார் எதை ஆராய்கிறார்கள் என்பது தெரியவில்லை.

பயோடேட்டா தேர்வுக்குழுவுக்காக எழுதுவது. அங்கே எதுவும் விடுபடக் கூடாது. ஆய்வுக் குறிப்பைத் தேடி வருகிறவர் வேறு ஆள். வழிகாட்டி தேடும் மாணவராக இருக்கலாம், ஒரு கட்டுரையை மதிப்பிட ஆள் தேடும் இதழாசிரியராக இருக்கலாம், கூட்டு ஆய்வுக்குத் துணை தேடும் வேறு ஊர்ப் பேராசிரியராக இருக்கலாம். இவர் எந்தக் கேள்வியை, எதை வைத்து, எப்படி ஆராய்கிறார் என்பதுதான் அவர்கள் எல்லாருக்கும் வேண்டியது. குறிப்பில் முதலில் இதற்கு விடை இருக்க வேண்டும். பட்டம், பதவி, எண்ணிக்கை எல்லாம் அப்புறம்.

ஒரு மாதிரியை வைத்துக்கொண்டு போகலாம். தருமபுரிப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் உதவிப் பேராசிரியர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கிணற்று நீரிலுள்ள ஃபுளோரைடுதான் அவருடைய ஆய்வு. அவர் எழுதிக் கொடுக்கும் முதல் வடிவம் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்:

"இவர் 11 ஆண்டுகள் கற்பித்தல் அனுபவம் உடையவர். 23 ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டுள்ளார். 41 தேசிய, பன்னாட்டுக் கருத்தரங்குகளில் கலந்துகொண்டுள்ளார். இவரது ஆய்வு ஆர்வங்கள்: சுற்றுச்சூழல் வேதியியல், பகுப்பாய்வு வேதியியல், நீர் வேதியியல், நானோ பொருட்கள், பசுமை வேதியியல்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதே பத்தியைத் தமிழ்நாட்டில் இன்னும் நூறு பேருடைய பெயருக்குக் கீழே போட்டாலும் பொருந்தும்.

ஆய்வு ஆர்வம்: துறைப் பெயர் வேண்டாம், கேள்வியை எழுதுங்கள்

"நீர் வேதியியல்" என்பது பாடப்புத்தகத்தின் அட்டையில் இருக்க வேண்டிய பெயர். அவர் மனத்தில் இருக்கும் கேள்வி வேறு: பக்கத்துப் பக்கத்துக் கிணறுகளில் ஒன்றில் ஃபுளோரைடு அதிகமாகவும் இன்னொன்றில் குறைவாகவும் இருப்பது ஏன்? மழைக்குப் பிறகு அளவு கூடுகிறதா, குறைகிறதா? இந்தக் கேள்வியை எழுதிவிட்டால் துறைப் பெயர் தானாகவே புரிந்துவிடும்.

உங்கள் கேள்வியைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. கடைசியாக எழுதிய மூன்று நான்கு கட்டுரைகளின் முன்னுரைகளை எடுத்து, அவற்றின் கடைசிப் பத்தியை மட்டும் படியுங்கள். "இந்த ஆய்வின் நோக்கம்" என்று வழக்கமாக எழுதும் இடம் அது. அந்தப் பத்திகளில் திரும்பத் திரும்ப வருவதுதான் உங்கள் ஆய்வு ஆர்வம். ஒரே ஒரு கட்டுரையில் மட்டும் வருவதை விட்டுவிடலாம். நம் மாதிரி ஆசிரியர் "நானோ பொருட்கள்" என்று எழுதியது நண்பர் ஒருவரின் கட்டுரையில் இணை ஆசிரியராக இருந்ததால் என்றால், அதைப் பட்டியலில் வைப்பது அவருக்கே சிக்கல். அதை நம்பி ஒரு மாணவர் வந்து நிற்பார், இவரால் வழிகாட்ட முடியாது.

ஐந்தாறு துறைப் பெயர்களை அடுக்கினால் பரந்த அறிவு தெரியும் என்று பலர் நினைக்கிறார்கள். தேடி வருகிறவருக்கு அது எதிலும் ஊன்றி நிற்காதவர் என்ற எண்ணத்தைத்தான் தரும். ஒரு பெரிய கேள்வியும் அதிலிருந்து கிளைக்கும் ஒன்றிரண்டு சிறு கேள்விகளும் போதும்.

முறை: அதிகம் பேர் விட்டுவிடும் இடம், அதிகம் உதவும் இடம்

நான் படித்த பக்கங்களில் முறையைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருந்தவர்கள் மிகச் சிலர்தான். எழுதியவர்களும் "நவீனப் பகுப்பாய்வு முறைகள்", "ஒப்பியல் நோக்கு", "கள ஆய்வு" என்று முடித்திருந்தார்கள். இந்தச் சொற்களைப் படித்துவிட்டு உங்களால் என்ன செய்ய முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முறையை எழுத, ஒரு சாதாரண வேலைநாளில் உங்கள் கை என்ன செய்கிறது என்று யோசியுங்கள். நம் ஆசிரியர் கோடையில் ஒருமுறையும் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு ஒருமுறையும் அதே கிணறுகளுக்குப் போய் நீர் எடுக்கிறார். ஃபுளோரைடு அயனியை மட்டும் உணரும் மின்வாயால் அளக்கிறார். கால்சியம், பைகார்பனேட், காரத்தன்மை ஆகியவற்றையும் சேர்த்து அளக்கிறார். அவருக்கு இது தினசரி வேலை. அதனாலேயே எழுதத் தோன்றவில்லை.

ஆனால் துறை தெரிந்த ஒருவர் இதைப் படித்தால் எவ்வளவு புரியும் என்று பாருங்கள். ஃபுளோரைடை அளக்க மின்வாய் முறையும் உண்டு, சாயத்தின் நிறம் குறைவதை வைத்து அளக்கும் முறையும் உண்டு. நிறமானி முறையில் நீரிலுள்ள அலுமினியம் போன்றவை அளவைக் குழப்பும். மின்வாய் முறையில் அதற்காகவே ஒரு தாங்கல் கரைசல் சேர்ப்பார்கள். அது ஃபுளோரைடைப் பிடித்துவைத்திருக்கும் உலோகத்திடமிருந்து அதை விடுவித்துத் தரும். அவர் எந்த முறையைக் கையாள்கிறார் என்று தெரிந்தால், எந்த அளவுக்கு அவருடைய எண்களை நம்பலாம் என்று இன்னொரு ஆய்வாளர் மனதுக்குள் கணக்குப் போட்டுவிடுவார். கால்சியத்தைச் சேர்த்து அளப்பதும் அப்படித்தான். கால்சியம் நிறைய இருந்தால் அது ஃபுளோரைடோடு சேர்ந்து படிந்துவிடும். கால்சியம் குறைந்து காரம் மிகுந்த நீரில்தான் பாறையிலிருந்து ஃபுளோரைடு அதிகம் கரையும். "கால்சியமும் அளக்கிறேன்" என்ற இரண்டு சொல்லிலேயே இவர் அளவை மட்டும் குறித்துக்கொண்டு போகிறவர் அல்ல, காரணத்தைத் தேடுகிறவர் என்று தெரிந்துவிடும்.

அறிவியல் அல்லாத துறைகளுக்கும் இதுவேதான். "சுவடியியல் ஆய்வு" என்று எழுதுவதைவிட, எந்த நூலின் எத்தனை சுவடிகளை ஒப்பிடுகிறீர்கள், அவை சென்னையிலுள்ள அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் உள்ளவையா, தஞ்சை சரசுவதி மகாலில் உள்ளவையா, உ.வே.சா. நூலகத்தில் உள்ளவையா என்று எழுதுங்கள். கல்வெட்டு படிக்கிறவர் என்றால், நேரில் போய் மைப்படி எடுத்துப் படிக்கிறீர்களா, அச்சான தொகுதிகளை வைத்துப் படிக்கிறீர்களா என்று சொல்லுங்கள். இரண்டும் மதிப்புள்ள வேலைதான், ஆனால் இரண்டும் வேறு வேறு திறமை. சமூகவியலில் பேட்டி எடுக்கிறவர் எந்த ஊரில், எந்த மக்களிடம், எவ்வளவு காலம் இருந்து எடுத்தார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இங்கே ஓர் எல்லையும் உண்டு. மாதிரியில் எத்தனை மில்லி சேர்த்தோம், கருவியின் மாடல் எண் என்ன என்பதெல்லாம் கட்டுரையில் இருக்க வேண்டியவை. குறிப்பில் முறைக்கு இரண்டு வாக்கியம், மிஞ்சினால் மூன்று. அப்புறம், உங்கள் கையால் செய்யாத முறையை உங்கள் முறையாக எழுதாதீர்கள். மாதிரியை வெளி ஆய்வகத்துக்கு அனுப்பி எண்ணை மட்டும் வாங்கினீர்கள் என்றால், அந்தக் கருவியைக் குறிப்பில் சேர்க்காமல் இருப்பதுதான் நேர்மை.

சாதனைகள்: மூன்று நான்கு போதும்

இங்கேதான் விட மனசு வராது. 23 கட்டுரையும் உழைத்து எழுதியவைதான். ஆனாலும் மேலே எழுதிய கேள்விக்கு விடை சொல்லும் வேலைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். முழுப் பட்டியலுக்கு ORCID பக்கமோ கூகுள் ஸ்காலர் பக்கமோ இருக்கிறது, இணைப்பைக் கொடுத்தால் போதும். தேர்ந்தெடுத்த ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தீர்கள், எப்போது, உங்கள் பங்கு என்ன, அதனால் என்ன தெரியவந்தது என்று சொல்லுங்கள். "பன்னாட்டு இதழில் கட்டுரை வெளியிட்டார்" என்பது இதழைப் பற்றிய செய்தி. "மழைக்குப் பிறகு ஆழ்துளைக் கிணறுகளைவிடத் திறந்த கிணறுகளில் ஃபுளோரைடு வேகமாகக் குறைவதைக் காட்டினார்" என்றால் அதுதான் அவரைப் பற்றிய செய்தி.

எண்களைக் கொடுப்பதாக இருந்தால் எங்கிருந்து எடுத்தீர்கள், எந்த மாதத்தில் எடுத்தீர்கள் என்று கூடவே எழுதுங்கள். எச்-குறியீடு 8 என்றால் குறைந்தது 8 மேற்கோளாவது பெற்ற கட்டுரைகள் 8 இருக்கின்றன என்று பொருள். அதே ஆளுக்குக் கூகுள் ஸ்காலரில் 8 வரும், ஸ்கோபஸில் 5 வரும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களை மட்டும் எண்ணுகிறது, கூகுள் ஸ்காலர் இன்னும் அகலமாக வலை வீசுகிறது. இரண்டும் தப்பில்லை, ஆனால் எது என்று சொல்லாமல் விட்டால் சரிபார்க்கிறவர் நீங்கள் கூட்டிச் சொல்லியிருப்பதாக நினைப்பார். இதழின் தாக்கக் காரணியை உங்கள் சாதனையாகப் போடாதீர்கள். அது அந்த இதழில் முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் பெற்ற மேற்கோள்களின் சராசரி. உங்கள் கட்டுரையை ஒருவர்கூட மேற்கோள் காட்டாமலும் இருக்கலாம்.

புதியவர்கள் தெரியாமலே சறுக்கும் இடம் ஒன்று உண்டு: காப்புரிமை. இந்தியாவில் ஒரு காப்புரிமை விண்ணப்பம் 18 மாதம் ஆனதும் பொதுவாக அலுவலக இதழில் வெளியாகிவிடும். கட்டணம் கட்டிக் கேட்டால் அதற்கு முன்பே வெளியிடுவார்கள். அது வெறும் வெளியீடுதான். பரிசோதனை அதற்குப் பிறகுதான் நடக்கும், காப்புரிமை வழங்கப்படுவதும் அதற்குப் பிறகுதான். "காப்புரிமை வெளியிடப்பட்டது" என்பதைச் சுருக்கி "காப்புரிமை பெற்றவர்" என்று எழுதிவிடுகிறார்கள். விண்ணப்ப எண்ணைத் தட்டினால் யார் வேண்டுமானாலும் நிலையைப் பார்த்துவிடலாம். அதேபோல அனுப்பிய கட்டுரை, ஏற்கப்பட்ட கட்டுரை, வெளிவந்த கட்டுரை மூன்றும் வேறு வேறு. ஒரு திட்டத்தில் முதன்மை ஆய்வாளராக இருந்தீர்களா, இணை ஆய்வாளராகவா என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள்.

விருதுகளில், பதிவுக் கட்டணம் கட்டி வாங்கியதை விட்டுவிடுங்கள். துறையில் இருப்பவர்களுக்கு அந்தப் பெயர்கள் எல்லாம் தெரியும். பக்கத்தில் இருக்கும் நல்ல வேலையையும் அது சேர்த்துக் கீழே இழுத்துவிடும்.

பெயர்: நமக்கே உரிய சிக்கல்

குடும்பப் பெயர் இல்லாத நமக்கு இந்தப் பகுதி மிகவும் முக்கியம். நம் வழக்கத்தில் தகப்பனார் பெயரின் முதலெழுத்து முன்னால் வரும், நம் பெயர் அப்படியே நிற்கும். மேற்கத்திய முறையிலோ கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர். கணித மேதை ராமானுஜனுக்குச் சீனிவாசன் என்பது தகப்பனார் பெயர், ராமானுஜன் என்பது அவர் பெயர். நூலகப் பட்டியலில் "ராமானுஜன், எஸ்." என்று வருவதால் அவர் பெயரிலேயே அவரைத் தேட முடிகிறது. 2009இல் வேதியியல் நோபல் பெற்ற வெங்கட்ராமன் ராமகிருஷ்ணனுக்கோ வெங்கட்ராமன்தான் அவர் பெயர், ராமகிருஷ்ணன் என்பது தகப்பனார் பெயர். பட்டியலில் அவர் தகப்பனார் பெயரில்தான் இருக்கிறார்.

இருவருமே ஒரு முறையைப் பிடித்துக்கொண்டார்கள், அதனால் குழப்பம் இல்லை. நம்மில் பலர் முதல் கட்டுரையில் முதலெழுத்தை முன்னால் போட்டு, இரண்டாவதில் பின்னால் போட்டு, வெளிநாட்டு இதழ் கேட்டதும் தகப்பனார் பெயரை விரித்து எழுதுகிறோம். தரவுத்தளம் இதை மூன்று வேறு ஆட்களாக எடுத்துக்கொள்ளும். மேற்கோள்கள் மூன்றாகப் பிரிந்துவிடும். திருமணத்துக்குப் பிறகு முதலெழுத்தை மாற்றிக்கொண்ட பெண் ஆசிரியர்களுக்கு இது இன்னும் அதிகம்.

ஆகவே குறிப்பை எழுதத் தொடங்கும் முன்பே ஒரு வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, குறிப்பின் தலைப்பிலும் இனி எழுதும் எல்லாக் கட்டுரைகளிலும் அதையே வையுங்கள். ORCID எண் இல்லையென்றால் இன்றே வாங்கிவிடுங்கள். கட்டணம் இல்லை, சில நிமிடம்தான். அது 16 இலக்கம் கொண்டது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது, சிலருக்கு அந்த இடத்தில் X என்ற எழுத்து வரும். தட்டச்சுப் பிழை என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். பழைய கட்டுரைகளில் உள்ள மற்றப் பெயர் வடிவங்களை அந்தக் கணக்கில் சேர்த்துவைக்கவும் இடம் இருக்கிறது. ஸ்கோபஸில் உங்களுக்கு இரண்டு பக்கம் உருவாகியிருந்தால் ஒன்றாக்கச் சொல்லி அங்கேயே விண்ணப்பிக்கலாம்.

எழுதிப் பார்ப்போம்

தமிழில் எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்தையும் "இவர்" என்று தொடங்க வேண்டியதில்லை. ஒருமுறை பெயரைச் சொல்லிவிட்டால் வினைமுற்றே ஆளைச் சொல்லிவிடும். ஆங்கிலக் குறிப்பை எழுதிவிட்டு அதை மொழிபெயர்க்காதீர்கள், இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். காலத்தைச் சொல்லும்போது "11 ஆண்டுகளாக" என்று எழுதினால் அடுத்த ஆண்டே அது தப்பாகிவிடும். "2014 முதல்" என்றால் எப்போதும் சரி. நம் மாதிரி ஆசிரியரின் குறிப்பு இப்போது இப்படி வரும்:

"தருமபுரி மாவட்டக் கிராமங்களில் குடிநீர்க் கிணறுகளில் ஃபுளோரைடு ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதை ஆராய்கிறார். பாறையின் தன்மை, கிணற்றின் ஆழம், மழை ஆகிய மூன்றில் எதன் பங்கு அதிகம் என்பதே இப்போதைய கேள்வி. 2019 முதல் 60 கிணறுகளில் கோடையிலும் பருவமழைக்குப் பிறகும் நீர் எடுத்து, அயனி உணர் மின்வாயால் ஃபுளோரைடையும் அதோடு கால்சியம், காரத்தன்மையையும் அளந்துவருகிறார். மழைக்குப் பிறகு திறந்த கிணறுகளில் அளவு குறைவதையும் ஆழ்துளைக் கிணறுகளில் பெரிதாக மாறாததையும் இரண்டு கட்டுரைகளில் காட்டியுள்ளார். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய கிணறுகளின் பட்டியலை அந்தந்த ஊராட்சிக்குக் கொடுத்துள்ளார். 2014 முதல் இக்கல்லூரியில் பகுப்பாய்வு வேதியியல் கற்பிக்கிறார். முனைவர் பட்ட மாணவர்கள் மூவர் இவரிடம் ஆய்வு செய்கிறார்கள்; ஓரிடம் உள்ளது."

கருத்தரங்கு எண்ணிக்கை போய்விட்டது, 23 கட்டுரையில் இரண்டுதான் மிஞ்சியது. ஆனால் பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தாலும் இவர் யார் என்று துறையில் இருப்பவர் சொல்லிவிடுவார். 1.5 என்ற எண்ணை ஏன் வைத்தோம் என்றால், உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவும் வேறு நீர் கிடைக்காத இடத்தில் இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கும் உச்சமும் அதுதான். படிக்கிறவருக்கு அந்த ஒரு எண்ணே பிரச்சினையின் அளவைச் சொல்லிவிடும்.

கடைசி வரியில் உள்ள "ஓரிடம் உள்ளது" என்பதைப் பலர் எழுதுவதில்லை. யுஜிசியின் 2022 விதிமுறைப்படி ஒரே நேரத்தில் உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், பேராசிரியர் 8 பேருக்கும் வழிகாட்டலாம். மாணவர்கள் ஊர் ஊராக அலைந்து கேட்பது இந்த ஒரு விவரத்தைத்தான். வழிகாட்டி அங்கீகாரம் இன்னும் வரவில்லை என்றால் இந்த வரியை அது வந்த பிறகு சேருங்கள்.

கொடுப்பதற்கு முன்

பயோடேட்டாவின் ஸ்கேன் பிரதியைக் குறிப்போடு இணைக்காதீர்கள். அதில் பிறந்த தேதி, வீட்டு முகவரி, சில சமயம் பான் எண், கையெழுத்து எல்லாம் இருக்கும். அவை யாருக்கும் தேவையில்லாதவை, தவறான கைக்குப் போனால் தொல்லை. அலுவலக மின்னஞ்சல் மட்டும் போதும்.

அப்புறம், வேறு துறையில் இருக்கும் ஒருவரிடம் குறிப்பைப் படிக்கக் கொடுங்கள். தமிழ்த் துறை நண்பரிடம் வேதியியல் குறிப்பைக் கொடுக்கலாம். படித்து முடித்ததும் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "நான் என்ன ஆராய்ச்சி பண்றேன், சொல்லுங்க" என்று கேளுங்கள். "ஏதோ கிணத்துத் தண்ணியில, மழைக்கு முன்னாலயும் பின்னாலயும் அளந்து பாக்கறீங்க" என்று சொல்லிவிட்டால் குறிப்பு சரியாக வந்திருக்கிறது. "நிறைய கட்டுரை எழுதியிருக்கீங்க" என்று சொன்னால் முதல் இரண்டு வாக்கியத்தைத் திரும்ப எழுத வேண்டும்.

குறிப்பின் அடியில் மாதத்தையும் ஆண்டையும் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு கல்வியாண்டுத் தொடக்கத்திலும் எடுத்துப் பார்த்து, மாணவர் இடம், எச்-குறியீடு, இப்போதைய கேள்வி ஆகியவற்றைத் திருத்தினால் போதும். புதிதாக ஒரு சாதனையைச் சேர்க்கும்போது பழையதில் ஒன்றை எடுத்துவிடுங்கள்.